ஏழு டிகிரி தண்ணீர் எந்நாளும் வேண்டுமா?

பெரிய அலுவலகக் கட்டடம் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் அடித்தளத்திலோ மொட்டை மாடியிலோ சில்லர் என்ற இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு ஏசியைப் போல அது நேரடியாகக் காற்றைக் குளிர வைப்பதில்லை. தண்ணீரைக் குளிர வைக்கிறது. அந்தத் தண்ணீரைப் பம்புகள் குழாய் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் தள்ளுகின்றன. மாடிதோறும் ஏ.எச்.யூ. என்ற பெரிய பெட்டி இருக்கும். அதற்குள் இருக்கும் செப்புக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். சுருளின் மேல் மின்விசிறி காற்றை வீசும். குளிர்ந்த காற்று கூரையில் உள்ள திறப்புகள் வழியாக அறைக்குள் இறங்கும். அறையின் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் சில்லருக்குத் திரும்பும். போகும்போது சுமார் 7 டிகிரி, திரும்பும்போது 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ்.

சில்லரின் திரையில் அந்த 7 என்ற எண் எப்போதும் தெரியும். சித்திரை வெயிலிலும் அதே 7, மார்கழி விடியலிலும் அதே 7. கட்டடம் நிரம்பி வழியும் திங்கட்கிழமை மதியத்துக்கும், பத்துப் பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் சனிக்கிழமை மாலைக்கும் அதே 7. பல கட்டடங்களில், சில்லரை முதன்முதலில் ஓட்டிக் காட்டிய நாளில் வைத்த எண்ணை அதற்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? சில்லர்களின் திறனை ஒரே அளவுகோலில் ஒப்பிட அமெரிக்கத் தொழில்துறை வகுத்த சோதனை நிலைகளில், வெளியேறும் தண்ணீர் 44 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இருக்கிறது. செல்சியஸில் அது 6.7. வடிவமைப்பாளர்களும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆண்டின் மிகக் கொடிய நாளில், எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கும்போது, எல்லா விளக்கும் கணினியும் எரியும்போது, சுருள்கள் போதுமான குளிர்ந்த காற்றைத் தர வேண்டுமானால் தண்ணீர் இந்த அளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, சுருளின் அளவை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட மணி நேரங்கள் ஆண்டில் மிகக் குறைவு. மற்ற நேரமெல்லாம் கட்டடத்துக்கு வேண்டிய குளிர்ச்சி அதில் பாதி, முக்கால் என்றுதான் இருக்கிறது. அந்த நேரங்களில் தண்ணீரை 8, 9 டிகிரிக்கு உயர விட்டு, தேவை கூடும்போது மறுபடி 7-க்கு இறக்குவதைத்தான் சில்டு வாட்டர் ரீசெட் என்கிறார்கள்.

இரண்டு டிகிரியில் என்ன மிச்சமாகிவிடும்? சில்லர் செய்வது சூட்டை இறைக்கும் வேலை. கட்டடத்திலிருந்து வந்த சூட்டைத் தாழ்ந்த வெப்பநிலையில் எடுத்து, மொட்டை மாடியில் இருக்கும் கூலிங் டவருக்கு உயர்ந்த வெப்பநிலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்றில் நீர்மட்டம் ஏறினால் இறைக்கும் உழைப்பு குறைவது போல, இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் சில்லரின் மின்சாரமும் குறையும். சென்னைக் கணக்கில் பார்ப்போம். தண்ணீர் 7 டிகிரியில் வெளியேற வேண்டுமானால், சில்லருக்குள் இருக்கும் குளிரூட்டி வாயு 5 டிகிரியில் கொதிக்க வேண்டும். மறுபுறம் அது சுமார் 38 டிகிரியில் திரவமாகிறது. இடைவெளி 33 டிகிரி. தண்ணீரை 9 டிகிரிக்கு விட்டால் குளிரூட்டி 7 டிகிரியில் கொதித்தால் போதும். இடைவெளி 31 ஆகிறது. நடைமுறையில் தண்ணீரின் ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சில்லரின் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் குறையும். கம்ப்ரசரின் வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லர் என்றால் பலன் கூடுதல். ஒரே வேகத்தில் சுற்றும் பழைய சில்லர் என்றால் குறைவு.

இதை அறையின் தெர்மோஸ்டாட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏசியை 24-இல் வையுங்கள் என்று மின்சாரத் துறை சொல்வது அறையின் வெப்பநிலையைப் பற்றி. இங்கே அறையின் வெப்பநிலையை யாரும் தொடுவதில்லை. ஏ.எச்.யூ. சுருளுக்குத் தண்ணீர் போகும் வழியில் ஒரு வால்வு இருக்கிறது. தண்ணீர் அதிகக் குளிர்ச்சியாக வந்தால் வால்வு கொஞ்சமாகத் திறந்து, குறைவான தண்ணீரை விடும். தண்ணீரின் குளிர்ச்சி சற்றுக் குறைந்தால் வால்வு தானாக அதிகம் திறந்து, கூடுதல் தண்ணீரை விடும். அறைக்கு வரும் காற்று அதே குளிர்ச்சியில்தான் வரும். உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, வால்வில் திறக்க இடம் இருக்கும் வரையில்.

ஒரு கட்டடத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். முழுச் சுமை 400 டன் உள்ள ஒரு பத்து மாடி அலுவலகம் என்று கொள்வோம். சாதாரண நாளில் அது 200 டன்னில் ஓடுகிறது. சில்லர் ஒரு டன்னுக்கு 0.6 கிலோவாட் எடுக்கிறது என்றால் மொத்தம் 120 கிலோவாட். தண்ணீரை 7-இலிருந்து 9-க்கு விட்டு, டிகிரிக்கு இரண்டரை சதவீதம் என்று வைத்தால், 6 கிலோவாட் மிச்சம். ஆனால் வால்வுகள் கூடுதலாகத் திறப்பதால் பம்புகள் கூடுதல் தண்ணீரைத் தள்ள வேண்டும். தண்ணீரின் அளவு சற்றுக் கூடினாலே பம்பின் மின்சாரம் அதைவிட வேகமாக ஏறிவிடும். பாதிச் சுமையில் பம்புக்கு மூன்றரை கிலோவாட் போய்க்கொண்டிருந்தால், அது 5 ஆகலாம். ஆக, கைக்கு மிஞ்சுவது நாலரை கிலோவாட். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 45 யூனிட். ஆண்டில் 250 வேலை நாள், யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் சுமார் ஒரு லட்ச ரூபாய்.

வேலைக்கு வேண்டிய வால்வுகளும் சென்சார்களும் கணினியும் பெரும்பாலான கட்டடங்களில் ஏற்கெனவே இருப்பதால், இதற்காகப் புதிதாக வாங்க வேண்டியது அதிகம் இல்லை. ஆகவே இதை வேண்டாம் என்று சொல்லக் காரணமும் இல்லை. ஆனால் எப்போது உயர்த்துவது, எதைப் பார்த்து உயர்த்துவது என்ற கேள்வியில்தான் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

தண்ணீரின் வெப்பநிலையை வெளிக்காற்றின் வெப்பநிலையைப் பார்த்து மாற்றுவது மிக எளிய வழி. வெளியே வெயில் குறைந்தால் உள்ளே சுமை குறையும். எனவே தண்ணீரை உயர்த்தலாம் என்ற தர்க்கம். கட்டடங்களின் மின்சாரத்துக்கான அமெரிக்கத் தரமான 90.1, ஓரளவுக்கு மேல் பெரிதான சில்டு வாட்டர் அமைப்புகளுக்கு ரீசெட் வேண்டும் என்கிறது. கட்டடத்தின் சுமையைப் பார்த்தோ, வெளிக்காற்றின் வெப்பநிலையைப் பார்த்தோ செய்யலாம் என்று இரண்டு வழிகளையும் அது ஏற்கிறது. இரண்டாவதற்கு மொட்டை மாடியில் ஒரு தெர்மாமீட்டரும், கணினியில் ஒரு நேர்கோடும் போதும் என்பதால் பலரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். ஈரத்தை நீக்கும் வேலை கெடுமானால் ரீசெட் வேண்டாம் என்ற விலக்கும் அதே தரத்தில் உண்டு. கோட்டை நகலெடுப்பவர்கள் அந்த விலக்கைப் படிப்பதில்லை.

வறண்ட ஊர்களில் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னையில் செய்யாது. இரண்டு நாட்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது மே மாத மதியம்: 38 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம். இரண்டாவது நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள்: 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். தெர்மாமீட்டர் இவற்றுக்கிடையே 12 டிகிரி வித்தியாசம் காட்டுகிறது. ஆனால் காற்றில் உள்ள நீராவியைக் கணக்கிட்டால், இரண்டு நாளிலும் ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 19 கிராம். காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர்த்துளி விழத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்கிறோம். இரண்டு நாளிலும் பனிநிலை 24 டிகிரிதான். ஈரத்தைப் பொறுத்தவரை அந்த மே மதியமும் இந்த நவம்பர் மழையும் ஒன்றே.

இந்த ஈரம் கட்டடத்துக்குள் வருவது பெரும்பாலும் புதுக்காற்று வழியாக. உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்க வெளிக்காற்றைத் தொடர்ந்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால், 500 பேர் இருக்கும் அலுவலகத்துக்கு நொடிக்கு 4,000 லிட்டர் காற்று. எடையில் சுமார் நாலரை கிலோ. அறை 24 டிகிரியில் 55 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், உள்ளே ஒரு கிலோ காற்றில் பத்து கிராம் நீராவிதான் இருக்கலாம். வெளியிலிருந்து வருவதில் 19 கிராம். மிச்சம் 9 கிராமையும் சுருள்கள் பிழிந்தெடுத்தாக வேண்டும். பெருக்கிப் பார்த்தால், மணிக்குக் கிட்டத்தட்ட 150 லிட்டர் தண்ணீர். ஏ.எச்.யூ.வின் அடியிலிருந்து வடிகால் குழாயில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் இதுதான். உட்கார்ந்திருப்பவர்களின் வியர்வையும் மூச்சும் இதற்கு மேல்.

பிழிவது சுருளின் குளிர்ச்சி. 7 டிகிரி தண்ணீர் ஓடும் சுருளிலிருந்து காற்று சுமார் 13 டிகிரியில் வெளியேறும். அந்தக் குளிர்ச்சியில் ஒரு கிலோ காற்றால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். மற்றதெல்லாம் சுருளில் துளியாகி விழுந்துவிடும். உலர்ந்த அந்தக் காற்று அறைக்கு வந்து, மனிதர்களின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, பத்து கிராமில் நிற்கும். இதில் இருக்கும் இடைவெளி ஒரே ஒரு கிராம் என்பதைக் கவனியுங்கள். சுருளிலிருந்து வரும் காற்று பதினைந்தரை டிகிரிக்கு ஏறிவிட்டால், அதுவே 11 கிராமோடு அறைக்குள் வரும். மனிதர்களின் ஈரமும் சேர்ந்தால் 12 கிராம். அறை 24 டிகிரியிலேயே இருந்தாலும் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

இப்போது வெளிக்காற்றைப் பார்த்து ரீசெட் செய்யும் கட்டடத்தை அந்த நவம்பர் நாளில் நிறுத்திப் பார்ப்போம். வெளியே 35 டிகிரி என்றால் தண்ணீர் 7, வெளியே 25 என்றால் தண்ணீர் 11 என்று கோடு போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 26 டிகிரி. கோட்டின்படி தண்ணீர் 10.6-க்குப் போய்விடும். மழையில் நனைந்த காற்று மணிக்கு 150 லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் அதே நேரத்தில், சுருளின் பிழியும் வலுவை நாமே பறித்துவிடுகிறோம்.

உள்ளே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? தெர்மோஸ்டாட் 24 காட்டும். உடம்பு பிசுபிசுக்கும். அச்சுப்பொறியில் காகிதம் சிக்கும். கம்பளத்திலிருந்து புழுங்கிய வாசம் வரும். ஈரம்தான் காரணம் என்று யாரும் நினைப்பதில்லை. ஏசி பத்தவில்லை என்றுதான் நினைப்பார்கள். தெர்மோஸ்டாட்டை 21-க்கு இறக்குவார்கள். சுருள் வழியே அதிகத் தண்ணீரும் அதிகக் காற்றும் ஓடும். கடைசியில் குளிரும் ஈரமும் சேர்ந்த அறையில், தோளில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில்லரில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இங்கே செலவாகியிருக்கும்.

அடுத்து நடப்பது இன்னும் மோசம். புகார்கள் குவிந்ததும் ஆபரேட்டர் தண்ணீரைச் சட்டென்று 6 டிகிரிக்கு இறக்குவார். அறைக்காற்றின் பனிநிலை அதற்குள் 17 டிகிரிக்கு ஏறியிருக்கும். கூரைத் திறப்புகளில் 13 டிகிரிக் காற்று வரத் தொடங்கியதும், அந்தக் குளிர்ந்த உலோகத்தில் அறையின் ஈரம் துளித்துளியாகக் கோத்து மேசைமேல் சொட்டும். கூரைப் பலகைகளில் பழுப்பு வட்டங்கள் விழும். குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிடுவார்கள். ஒழுகும் குழாய் எதுவும் இருக்காது. இப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரை அரை மணிக்கு ஒரு டிகிரி என்ற அளவில் மெல்ல இறக்கி, அறை உலர நேரம் கொடுப்பதுதான் சரி.

குளிர்சாதனத் தொழிலின் தொடக்கமே ஈரத்தைக் கட்டுப்படுத்தும் வேலைதான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் குளிர்ந்த சுருள்களைக் கொண்டு ஓர் அமைப்பை வடிவமைத்தார். மனிதர்களுக்குக் குளிர்ச்சி என்பது பின்னால் வந்தது. அந்தப் பழைய வேலையைச் சுருள் இன்றும் செய்துகொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டுத் தண்ணீரின் வெப்பநிலையை மாற்றுவதால்தான், ரீசெட் என்ற நல்ல யோசனைக்கே நம் ஊரில் கெட்ட பெயர் வருகிறது.

வானத்தைப் பார்க்காமல் வால்வுகளைப் பார்ப்பதுதான் சரியான வழி. எந்த ஏ.எச்.யூ.வுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று வால்வுக்குத் தெரியும். எல்லா வால்வுகளும் பாதிதான் திறந்திருக்கின்றன என்றால் தண்ணீர் தேவைக்கு மேல் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். ஒன்றிரண்டு வால்வுகள் முழுதும் திறந்துவிட்டன என்றால், அந்த மாடிகளுக்கு இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று பொருள். ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் 2018-இல் வெளியிட்ட 36-ஆம் வழிகாட்டி, இதை ஒரு தெளிவான நடைமுறையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒரு வால்வு 95 சதவீதத்துக்கு மேல் திறந்தால், அந்த ஏ.எச்.யூ. கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். வால்வு 85 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும் வரை அந்தக் கோரிக்கை நிற்கும். கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோரிக்கைகளை எண்ணும். போதிய கோரிக்கை இல்லாவிட்டால் தண்ணீரைத் துளி உயர விடும். கோரிக்கைகள் சேர்ந்துவிட்டால், உயர்த்தியதைவிட வேகமாக இறக்கும்.

நம் பத்து மாடிக் கட்டடத்தில் ஒரு பிப்ரவரி நாள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். கட்டுப்பாட்டை 7-க்கும் 10-க்கும் இடையில் அனுமதித்திருக்கிறோம். காலை எட்டு மணிக்கு இயந்திரங்கள் எழுகின்றன. இரவெல்லாம் மூடிக் கிடந்த அறைகளில் ஈரம் ஏறியிருக்கும். எனவே தொடக்கம் 7 டிகிரியில். முதல் முக்கால் மணி நேரம் வால்வுகள் எல்லாம் விரியத் திறந்திருக்கும். ஒன்பது மணிக்கு அறைகள் ஆறிவிட்டன, வால்வுகள் சுருங்குகின்றன. ஐந்து நிமிடத்துக்குப் பத்தில் ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீர் மெல்ல ஏறி, பதினொரு மணிவாக்கில் 9-ஐத் தாண்டுகிறது. இரண்டு மணிக்கு மேற்குச் சன்னல்களில் வெயில் விழுகிறது. மேற்குப் பக்கத்து ஏ.எச்.யூ.க்களில் மூன்று கோரிக்கை அனுப்புகின்றன. தண்ணீர் இறங்கி எட்டில் நிற்கிறது. ஆறு மணிக்குப் பாதிப் பேர் கிளம்பியதும் மறுபடி ஏறுகிறது. இத்தனை நேரமும் அறைகளில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதே கட்டடம் மே மாதத்தில் நாள் முழுதும் 7-ஐ ஒட்டியே நிற்கும். அது தோல்வி இல்லை. அன்றைக்கு அதுதான் தேவை.

ஆனால் வால்வு எதைப் பார்த்துத் திறக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஏ.எச்.யூ.க்களில் இரண்டு வகை உண்டு. ஒருவகையில், சுருளிலிருந்து வெளியேறும் காற்றை 13 டிகிரியில் வைத்திருக்கும்படி வால்வு திறந்து மூடும். அறையின் தேவைக்கேற்பக் காற்றின் அளவு கூடிக் குறையும். இங்கே வால்வை மட்டும் நம்பலாம். 13 டிகிரிக் காற்று வந்துகொண்டிருக்கும் வரை, தண்ணீர் 7-ஆக இருந்தாலும் 9-ஆக இருந்தாலும் ஈரம் அதே அளவுதான் பிழியப்படும். தண்ணீரால் அந்த 13-ஐத் தர முடியாத கட்டம் வந்தால் வால்வு முழுதும் திறந்து கோரிக்கை அனுப்பிவிடும். வெளியே மழையா வெயிலா என்று யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் ஈரச் சுமை ஏறும்போது வால்வுகளும் தாமே விரியும்.

இன்னொரு வகையில், அறையிலிருந்து திரும்பும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்து வால்வு வேலை செய்யும். காற்றின் அளவு மாறாது. நம் ஊரில் பழைய அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இதுதான் அதிகம். இங்கே அறை 24-க்கு வந்ததும் வால்வு சுருங்கிவிடும். ஈரம் எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. மழை நாளில் சூடு குறைவாகவும் ஈரம் அதிகமாகவும் இருப்பதால், வால்வு பாதிதான் திறந்திருக்கும். கணினி அதைப் பார்த்து எல்லாம் நலம் என்று எண்ணித் தண்ணீரை உயர்த்தும். எனவே இந்த வகைக் கட்டடத்தில் வால்வோடு ஈரப்பதச் சென்சாரையும் சேர்த்தே ரீசெட் வைக்க வேண்டும். நான்கைந்து இடங்களில் சென்சார் வைத்து, எந்த இடத்திலாவது ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் மேலே போகக் கூடாது, இறங்க வேண்டும் என்று கட்டளை எழுத வேண்டும். ஈரப்பதச் சென்சார்கள் நாளடைவில் தவறான அளவு காட்டத் தொடங்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கைக்கருவி ஒன்றை அருகில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ரீசெட் போட்டும் பலன் இல்லை என்று சொல்லும் கட்டடங்களில் பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு அறைதான். ஆறாவது மாடியில் முன்பு கூட்ட அறையாக இருந்ததை சர்வர் அறையாக மாற்றியிருப்பார்கள். அல்லது ஒரு ஏ.எச்.யூ.வின் வடிகட்டி தூசியால் அடைத்துக் கிடக்கும். அல்லது வால்வின் மோட்டார் பழுதாகி 100 சதவீதத்தில் நின்றிருக்கும். அந்த ஒன்று இரவும் பகலும் கோரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்க, கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் 7-ஐ விட்டு அசையாது. வழிகாட்டியிலேயே, முதல் ஒன்றிரண்டு கோரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் விடும்படி அமைக்கும் வசதி இருப்பது இதனால்தான். ஆனால் அது மருந்து இல்லை, வலிநிவாரணி. வடிகட்டியைச் சுத்தம் செய்வதும், சர்வர் அறைக்குத் தனியாக ஒரு ஏசி போட்டுக் கொடுப்பதும்தான் மருந்து.

இன்னொரு காரணத்தை ஒரு கட்டடத்தின் சில்லர் அறையில் கேட்டேன். திரையில் செட் பாயின்ட் 6 என்று இருந்தது. பக்கத்தில் ‘மேனுவல்’ என்று சிறிய எழுத்து.

“எட்டாவது மாடியில ஏசி வரலைன்னு போன் வந்துச்சு சார். அதான் ஆறுல போட்டு வெச்சேன்.”

“என்னைக்கு?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

நான் கேட்டது மார்ச் மாதத்தில். அந்த ஆபரேட்டரைக் குறை சொல்ல மாட்டேன். மேலே இருந்து போன் வந்தால் அவர் கையில் இருப்பது அந்த ஒரு எண்தான். அதை மாற்றினால் அரை மணியில் போன் நின்றுவிடுகிறது. எட்டாவது மாடியில் என்ன பழுது என்று போய்ப் பார்க்க அவருக்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. கணினியில் ஒரு சிறு ஏற்பாடு செய்தால் இது தீரும்: கையால் மாற்றிய எந்த எண்ணும் நான்கு மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகி, பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கூடவே, எந்த மாடியிலிருந்து எப்போது புகார் வந்தது என்று எழுத ஒரு நோட்டு. ஒரே மாடி திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு தண்ணீரில் இல்லை, அந்த மாடியில்.

உங்கள் கட்டடத்தில் ரீசெட் உண்மையில் ஓடுகிறதா என்று அறிய, கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து ஒரு வாரத்தின் வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். சில்லரிலிருந்து வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலை, மிக அதிகம் திறந்திருக்கும் வால்வின் அளவு, அறைகளில் மிக அதிகமான ஈரப்பதம் ஆகிய மூன்று கோடுகள் போதும். தண்ணீர்க் கோடு தட்டையாக இருந்தால் ரீசெட் ஓடவில்லை. தண்ணீர் கீழேயே கிடக்க, வால்வுக் கோடு மட்டும் நூறில் ஒட்டிக்கொண்டிருந்தால் எங்கோ ஒரு முரட்டு அறை இருக்கிறது. தண்ணீர் ஏறும்போதெல்லாம் ஈரக்கோடும் ஏறினால், உச்ச வரம்பை ஒரு டிகிரி குறைக்க வேண்டும். தண்ணீர்க் கோடு நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்ல ஏறி இறங்கி, ஈரக்கோடு 60-க்குக் கீழேயே நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது.

இப்படி எல்லாம் சரியாகச் செய்தாலும், நம் கடலோர ஊர்களில் இரண்டு டிகிரிக்கு மேல் உயர்த்துவது கடினம். ஒரே தண்ணீரைக் கொண்டு அறையையும் ஆற்றி, ஈரத்தையும் பிழிய நினைக்கும் வரை இந்த வரம்பு மாறாது. அறையை ஆற்ற மட்டும் என்றால் 15 டிகிரித் தண்ணீரே போதும். ஈரத்துக்காகத்தான் மொத்தத் தண்ணீரையும் 7-க்கு இறக்குகிறோம். ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் கட்டிய ஓர் அலுவலகம் இதைப் பிரித்துக் காட்டியது. 2011 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கட்டடத்தைச் சரிபாதியாக்கி, ஒரு பாதியில் திறம்பட வடிவமைத்த வழக்கமான ஏசியும், மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் புதைத்த குழாய்களில் மிதமான குளிர்ந்த தண்ணீர் ஓடும் முறையும் அமைத்தார்கள். அந்த இரண்டாவது பாதியில் ஈரத்தை நீக்கும் வேலை, புதுக்காற்றை மட்டும் உலர்த்தித் தரும் தனி அமைப்புக்கு. அடுத்தடுத்து அளந்து பார்த்ததில், இரண்டாவது பாதி குளிர்ச்சிக்குச் செலவழித்த மின்சாரம் முதல் பாதியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

கட்டி முடித்த கட்டடத்தில் தளத்தை உடைத்துக் குழாய் புதைக்க முடியாது. ஆனால் புதுக்காற்றை ஒரே இடத்தில் சேர்த்து, அதை மட்டும் தனியாகக் குளிர்வித்து உலர்த்த மொட்டை மாடியில் ஒரு இயந்திரம் வைக்க முடியும். வெளியேறும் குளிர்ந்த காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் சக்கரத்தையும் அதோடு சேர்த்தால், 19 கிராமில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். அதன்பின் மாடிகளுக்குப் போகும் தண்ணீரின் உச்ச வரம்பை மழைக்காலத்திலும் 10-க்கும் 12-க்கும் உயர்த்தலாம். சில்லர் பழசாகி மாற்ற வேண்டிய நேரம் வரும் கட்டடங்கள், அதே அளவு புதிய சில்லருக்கு விலை கேட்பதற்கு முன்னால் இந்த இயந்திரத்துக்கு விலை கேட்டுப் பார்க்க வேண்டும். ஈரச் சுமை வாசலிலேயே குறைந்துவிட்டால், வாங்க வேண்டிய சில்லரும் சிறியதாகிவிடும்.